பூட்டிய டிஸ்க்கைச் செத்த டிஸ்க் என்று சொல்லாதீங்கோ

"டிஸ்க் போயிட்டு தம்பி, ஃபோமட் அடிக்கத்தான் வேணும்." வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் லப்டொப்பைத் திருத்தக் கொடுத்தவர்கள் இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். சில நேரம் அது உண்மை. ஆனால் மதர்போர்ட் செத்து, டிஸ்க்கைக் கழற்றி வேறு லப்டொப்பில் போட்ட பிறகு இதைச் சொன்னால், ஃபோமட் அடிக்க விடாதீர்கள் என்கிறோம். அநேகமாக அந்த டிஸ்க் பூட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலோடு களனி கங்கை பெருகியபோது எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணி வந்தது. நனைந்த லப்டொப்பில் மதர்போர்ட் செத்தாலும் எஸ்எஸ்டி பல நேரம் தப்பிவிடும். அதை இன்னொரு லப்டொப்பில் மாட்டினால் நீலத் திரை வந்து 48 இலக்கத் திறப்பு ஒன்றைக் கேட்கும். அதுதான் பிட்லொக்கர்.

டிஸ்க்கில் உள்ளதெல்லாம் ஒரு சாவியால் குறியாக்கப்பட்டிருக்கிறது. அந்தச் சாவியைத் திறந்து தரும் இரகசியம் டிஸ்க்கில் இல்லை, பழைய இயந்திரத்தின் டிபிஎம் சில்லில் இருக்கிறது. புதிய லப்டொப்பின் டிபிஎம்முக்கு அந்த இரகசியம் தெரியாது. ஆகவே பயொஸுக்குள் போய் செக்கியூர் பூட்டை நிறுத்தினாலும் போட்டாலும் ஒன்றும் நடவாது. பழைய இயந்திரம் உயிரோடு இருந்து அதில் செக்கியூர் பூட்டை நிறுத்தினால்கூட, "ஆரோ கை வைச்சிட்டாங்கள்" என்று டிபிஎம் சாவியைத் தர மறுத்து அதே திரை வரும்.

செக்கியூர் பூட் தானே தடுக்கிற சந்தர்ப்பம் வேறு. அது உங்கள் கோப்புகளைப் பார்ப்பதில்லை. இயங்குதளத்தைத் தொடக்கும் நிரலில் தான் நம்புகிற கையொப்பம் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். விண்டோஸ் டிஸ்க் என்றால் பெரும்பாலும் பிரச்சினை வராது. உபுண்டு டிஸ்க் என்றால், சில புதிய லப்டொப்களில் மைக்ரோசொஃப்டின் மூன்றாந்தரப்புச் சான்றிதழ் முதலிலேயே நிறுத்தப்பட்டிருக்கும். பயொஸில் அதை அனுமதித்தால் போதும்.

செத்ததா, பூட்டியதா என்று பார்ப்பது பெரிய வித்தையில்லை. டிஸ்க்கை யூஎஸ்பி உறையில் போட்டு இன்னொரு விண்டோஸ் கொம்பியூட்டரில் செருகுங்கள். டிரைவின் படத்தில் பூட்டு தெரிந்தால் டிஸ்க் வேலை செய்கிறது. 48 இலக்கத்தையும் கொடுத்தால் கோப்புகள் திறக்கும். ஆறு ஆறாக எட்டுத் தொகுதி. ஒவ்வொரு தொகுதியும் 11ஆல் மீதியின்றி வகுபடும் என்பதால் பிழையாக அடித்த தொகுதியை அங்கேயே கண்டுபிடிக்கலாம். திறப்பு உங்கள் மைக்ரோசொஃப்ட் கணக்கில், `aka.ms/myrecoverykey` என்ற முகவரியில் இருக்கும். பல திறப்புகள் இருந்தால், நீலத் திரையில் காட்டும் அடையாள எண்ணோடு ஒப்பிட்டுச் சரியானதை எடுங்கள்.

எங்கட கோபம் இங்கதான் தொடங்குது. "உங்கள் கணக்கில்" என்கிறோமே, அது ஆருடைய கணக்கு? புது விண்டோஸ் 11இல், 24எச்2 பதிப்பிலிருந்து இன்னும் கூடுதலான கணினிகளில், மைக்ரோசொஃப்ட் கணக்கால் முதலில் உள்நுழையும்போதே குறியாக்கம் தானாக இயங்கி, திறப்பு அந்தக் கணக்குக்குப் போகிறது. கடைக்காரர் அவசரத்தில் தன் ஈமெயிலைப் போட்டு விண்டோஸ் ஏற்றித் தந்தால், உங்கள் வீட்டுச் சாவி அவருடைய சட்டைப்பையில். மூன்று வருடம் கழித்து அந்த ஈமெயில் அவருக்கே ஞாபகம் இருக்காது. திறப்பு இல்லாவிட்டால் எந்தக் கெட்டிக்காரனாலும் திறக்க ஏலாது. அப்போதுதான் ஃபோமட் என்ற பேச்சுக்கு இடம்.

"அப்ப குறியாக்கமே வேண்டாம்" என்பவர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. பஸ்ஸில் தொலைந்த லப்டொப்பில் இருந்து உங்கள் அடையாள அட்டைப் பிரதியையும் படங்களையும் காப்பதும் இதே பூட்டுத்தான். பூட்டுப் போட்டது பிழையில்லை. போட்டதையே தெளிவாகச் சொல்லாமல், சாவியைச் சொந்தக்காரரின் கையில் கொடுக்காமல் விட்டதுதான் பிழை. அதில் மைக்ரோசொஃப்டுக்கும் பங்கு, கடைக்கும் பங்கு.

லப்டொப் நன்றாக இருக்கும்போதே, நிர்வாகியாகத் திறந்த கமாண்ட் புரொம்ப்டில் இவற்றை அடியுங்கள்:

```
manage-bde -status C:
manage-bde -protectors -get C:
```

முதலாவது, குறியாக்கம் இருக்கிறதா என்று சொல்லும். இரண்டாவது, 48 இலக்கத்தையும் காட்டும். அதைத் தாளில் எழுதி லப்டொப் பையில் இல்லாத வேறிடத்தில் வையுங்கள். டிஸ்க்கை மாற்றப் போவது முன்கூட்டியே தெரிந்தால், அமைப்புகளில் `Device encryption` என்பதை நிறுத்தி, முழுக்கக் குறி நீங்கும்வரை பொறுத்து, பிறகு கழற்றுங்கள்.

கடைக்காரர்களிடம் கேட்பது இரண்டே விஷயம். விண்டோஸ் ஏற்றும்போது வாடிக்கையாளரின் கணக்கையே போடுங்கோ. ஃபோமட் என்று சொல்ல முதல், "அண்ணை, திறப்பு இருக்கா?" என்று ஒருக்காக் கேளுங்கோ.