11 மணி என்றால் எந்த ஸ்டேஷனில்?

"மெட்ரோ ராத்திரி 11 வரைக்கும் இருக்குப்பா, நிதானமா வாங்க" என்று சொல்லிவிட்டுப் பிள்ளைகள் போனை வைத்துவிடுகிறார்கள். அது அரை உண்மை என்பது என் கட்சி.

சென்னை மெட்ரோவில் 11 மணி என்பது கடைசி வண்டி முனையத்தை விட்டுக் கிளம்பும் நேரம். நடுவில் ஏறுபவருக்கு அதனால் சில நிமிஷம் லாபம்கூட உண்டு. வண்டி மாறுபவருக்குத்தான் வம்பு.

எங்கள் கதையையே சொல்கிறேன். வீடு வடபழனி. விமான நிலையத்தில் நீல வழியில் ஏறி, ஆலந்தூரில் பச்சை வழிக்கு மாற வேண்டும். பச்சை வழி வண்டி புறப்படுவது பரங்கிமலையில். அடுத்த ஸ்டேஷனே ஆலந்தூர். அங்கே 11க்குக் கிளம்பும் வண்டி இரண்டு மூன்று நிமிஷத்தில் ஆலந்தூரைத் தாண்டிவிடும். விமான நிலையத்திலிருந்து ஆலந்தூர் வரவோ ஏழெட்டு நிமிஷம் ஆகும். ஆக, அங்கே 11 மணி வண்டியில் ஏறினவருக்குப் பாதி வழிதான் மெட்ரோ.

போன தை மாதம் எங்கள் விமானம் 10.10க்கு இறங்கியது. பெட்டி வந்து, நடந்து, சோதனை முடிந்து ஏறும்போது 10.50. ஆலந்தூரில் முட்டி வலிக்காரியான என் மனைவியைக் கைபிடித்து மாடி மாற்றி ஏற்றியபோது மணி 11.02. பெட்டி இன்னும் பத்து நிமிஷம் தாமதித்திருந்தால் அந்த நடுராத்திரியில் ஆலந்தூரில் நின்றிருப்போம்.

"ஆப்பில் வண்டி பிடிக்கலாமே" என்பார்கள். கடைசி வண்டியை விட்டவர் எல்லோரும் அதே நிமிஷத்தில் அதைத்தான் தட்டுவார்கள். கட்டணம் ஏறும், டிரைவர் வர மாட்டார்.

அதனால் நான் கணக்கை ஆலந்தூரிலிருந்து பின்னோக்கிப் போடுகிறேன். 10.45க்குள் விமான நிலைய பிளாட்பாரத்தில் நிற்க முடியாது என்று தெரிந்தால் மெட்ரோ பக்கமே போவதில்லை. வெளியே ப்ரீபெய்டு டாக்ஸிதான். தப்பித்தவறி ஏறிவிட்டால் ஆலந்தூரில் இறங்காமல் அடுத்த ஸ்டேஷனான கிண்டி வரை போய்விடுவேன். பக்கத்திலேயே புறநகர் ரயில் நிலையம். கடற்கரை வண்டி கிடைத்தால் மூன்றாவது நிறுத்தம் கோடம்பாக்கம். அங்கிருந்து வடபழனிக்குக் குறைந்த தூர ஆட்டோ போதும். ஆனால் தண்டவாள வேலைக்காகப் புறநகர் வண்டிகளை ரத்து செய்யும் இரவுகள் உண்டு. கிளம்பும் முன்பே அதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ராத்திரி முழுக்க மெட்ரோ ஓட்டு என்று நான் கேட்கவில்லை. பாதையைப் பழுது பார்க்க அந்த நாலைந்து மணி நேரம் வேண்டும். எந்த ஊர் மெட்ரோவானாலும் நேரம் சொல்லும்போது "11 வரை" என்று நிறுத்தக் கூடாது. "இந்த ஸ்டேஷனில், இந்தத் திசையில், வண்டி மாறுகிறவருக்குக் கடைசி வண்டி இத்தனை மணி" என்று பெரிய எழுத்தில் சொல்ல வேண்டும். போனை வைக்கும் பிள்ளைகளும் அதைப் பார்த்துவிட்டு வைக்கட்டும்.