பணிப்பலகையும் வார மீளாய்வும்

ஒரு குழுவின் பணிகளைத் தனித்தனி அட்டைகளில் எழுதி, ‘செய்ய வேண்டியவை’, ‘நடைபெறுபவை’, ‘சரிபார்ப்பில் உள்ளவை’, ‘முடிந்தவை’ என்னும் நான்கு பத்திகளில் ஒட்டிவைக்கும் பலகையே பணிப்பலகை. இதன் வேர் ஜப்பானில் உள்ளது. டொயோட்டா மகிழுந்துத் தொழிற்சாலையில் டாய்ச்சி ஓனோ என்பவர் ‘கான்பான்’ என்னும் அட்டைமுறையை உருவாக்கினார். அடுத்த நிலையில் உள்ளவருக்குத் தேவைப்பட்டாலன்றி எந்த உதிரிப்பாகத்தையும் செய்யலாகாது என்பதே அம்முறையின் உயிர்நாடி. நாமோ அட்டையை எடுத்துக்கொண்டு அந்த விதியை விட்டுவிட்டோம்.

அதனால் விளைவது யாது? பள்ளி ஆண்டுமலரை உருவாக்கும் 6 மாணவர் கொண்ட குழு ஒன்றை எண்ணிப் பாருங்கள். மொத்தம் 24 அட்டைகள். இரண்டாம் வார மீளாய்வில் முடிந்தவை 3, சரிபார்ப்பில் 2, நடைபெறுபவை 13, எஞ்சியவை 6. மூன்றாம் வாரத்தில் நடைபெறுபவை 15 ஆயின. எஞ்சியவை 4 ஆகக் குறைந்தன. பலகையைக் கண்டவர் வேலை விரைகிறது என மகிழ்வர். ஆனால், முடிந்தவை அதே 3. சரிபார்ப்பில் இருந்தவையும் அதே 2. அவ்வாரத்தில் புதிதாகத் தொடங்கினார்களேயன்றி எதையும் முடிக்கவில்லை.

‘நடைபெறுபவை’ பத்திக்கு உச்சவரம்பு ஒன்று வேண்டும் என்பது என் கருத்து. அறுவருக்கு 6 அட்டைகள் போதும். இடம் காலியாகும்வரை புதிய அட்டையை எடுக்கலாகாது. கை ஓய்ந்தவர் பிறர் எழுதியதைப் பிழைதிருத்த உதவலாம். சரிபார்ப்பில் தேங்கிய அந்த 2 அட்டைகளும் அப்போதுதான் நகரும்.

அட்டை ஒரே பத்தியில் நிற்கும் ஒவ்வொரு நாளுக்கும் அதன் ஓரத்தில் ஒரு புள்ளி இடுவதும் நன்று. மீளாய்வை வலப்புறத்திலிருந்து, அதாவது முடிவுக்கு அருகில் உள்ள அட்டையிலிருந்து தொடங்கி, புள்ளி மிகுந்தவற்றை முதலில் வினவ வேண்டும். ‘முதல்வர் நேர்காணல்’ என்னும் அட்டையில் 11 புள்ளிகள் இருப்பதாகக் கொள்வோம். “பாதி முடிந்தது” என்றே இரு வாரங்களும் விடை வருகிறது. அதனை நாள் பெறுதல், பேட்டி காணுதல், எழுதித் தருதல் என மூன்று அட்டைகளாகப் பிரித்தால், நாளே இன்னும் பெறப்படவில்லை என்பது வெளிப்படும். வினாக்களைத் தயாரித்ததையே அம்மாணவர் பாதி எனக் கருதியிருக்கிறார்!

பிறர் இசைவுக்காக நிற்கும் பணிகளுக்குச் சிலர் ‘காத்திருப்பவை’ எனத் தனிப்பத்தி வகுப்பர். எனக்கு அதில் உடன்பாடில்லை. அங்குச் சென்ற அட்டையை எவரும் திரும்பிப் பார்ப்பதில்லை. சிவப்புக் குறியிட்டு, வரம்புக்குள்ளேயே அதனை வைத்தால், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் அதனை நகர்த்தக் குழுவே முனையும்.

எனினும், யார் எத்தனை அட்டைகளை முடித்தார் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். ஒளிப்படத்திற்கு ஒருவரி விளக்கம் எழுதுவதும் ஓர் அட்டையே. நான்கு பக்கக் கட்டுரையும் ஓர் அட்டையே.