ஒரு காது திடீரென்று மந்தமானால்



2024 ஜூன் மாதம் இந்தித் திரைப்படப் பாடகி அல்கா யாக்னிக் இன்ஸ்டாகிராமில் ஒரு செய்தியைப் பகிர்ந்தார். சில வாரங்களுக்கு முன் விமானத்தைவிட்டு வெளியே நடந்துவந்தபோது திடீரென்று எதுவுமே கேட்காமல் போனது என்றும், வைரஸ் தாக்குதலால் காது நரம்பு பாதிக்கப்பட்டிருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள் என்றும் எழுதியிருந்தார். ஒரு பாடகிக்குக் கேட்கவில்லை என்றால் அன்றே தெரிந்துவிடும். நமக்கு அப்படி இல்லை. இந்தப் பாதிப்பு பெரும்பாலும் ஒரே ஒரு காதில்தான் வருகிறது. இன்னொரு காது வேலை செய்வதால் பேச்சும் பிழைப்பும் நிற்காமல் நடக்கும். அதனாலேயே நாள்கள் கைநழுவிப் போகின்றன. இந்த மாதம் அதைப் பற்றித்தான் உங்களிடம் பேச நினைக்கிறேன்.

லாஸ்பேட்டையில் ஐம்பத்தைந்து வயதான ஓர் ஆசிரியர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. வெள்ளிக்கிழமை காலை எழுந்ததும் வலது காது அடைத்ததுபோல் இருக்கிறது. உள்ளே 'ஙொய்' என்று ஓயாத ஓர் இரைச்சல். செல்போனை அந்தக் காதில் வைத்தால் எதிரே பேசுபவரின் குரல் எட்டவில்லை. வலி இல்லை, சீழ் இல்லை, காய்ச்சலும் இல்லை. அழுக்குச் சேர்ந்திருக்கும், இல்லையென்றால் சளியாக இருக்கும் என்று வீட்டில் சொல்வார்கள். மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கிவருவார்கள். சிலர் தேங்காய் எண்ணெயைச் சூடாக்கிக் காதில் விடுவார்கள். 'திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்' என்பது அடுத்த வாரமாகி, அதற்கும் அடுத்த வாரமாகிவிடும்.

அழுக்கும் சளியும் அடைப்பதும் உண்மைதான். ஆனால் நரம்பு பாதிக்கப்பட்ட காதும் அதேபோல 'அடைத்தது' என்றுதான் தோன்றும். இரண்டையும் பிரித்தறிய வீட்டிலேயே ஒரு சிறு சோதனை உண்டு. வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகுங்கள். அடைத்த காதில் அந்த ஒலி உரக்கக் கேட்டால் அழுக்கு, நீர் போன்ற அடைப்பாக இருக்க வாய்ப்பு அதிகம். நன்றாக இருக்கும் காதில் உரக்கக் கேட்டால் நரம்பைச் சந்தேகிக்க வேண்டும். மருத்துவர் இசைக்கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்துப் பார்ப்பதும் இதைத்தான். முனகிப் பார்ப்பது ஒரு குறிப்பு மட்டுமே. எந்தக் காதில் கேட்டாலும் மருத்துவரிடம் போவதைத் தள்ளிப்போட அது காரணமாகாது.

உட்காதில் ஒலியை நரம்புச் செய்தியாக மாற்றுபவை நுண்ணிய மயிர்ச் செல்கள். மனிதர்களுக்கு இவை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. உட்காதுக்கு ரத்தம் கொண்டுபோவதும் ஒரே ஒரு மெல்லிய தமனிதான். ஒரே குழாயை நம்பியிருக்கும் தெருவில் குழாய் அடைத்தால் தண்ணீர் வர வேறு வழி இல்லை அல்லவா, அந்த நிலைதான். வைரஸ், ரத்த ஓட்டத் தடை, உடலின் எதிர்ப்புச் சக்தியே உட்காதைத் தாக்குவது என்று பல காரணங்களைச் சொல்கிறார்கள். ஆனால் பத்தில் ஒன்பது பேருக்கு உறுதியான காரணம் கிடைப்பதில்லை. காரணம் தெரியும்வரை காத்திருக்காமல் சிகிச்சையைத் தொடங்குவது அதனால்தான்.

நம் ஆசிரியர் அன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் முதலில் காதுக்குள் விளக்கடித்துப் பார்ப்பார். துவாரம் சுத்தமாகவும் செவிப்பறை நன்றாகவும் இருந்தால் சந்தேகம் வலுக்கும். அடுத்தது ஆடியோகிராம். ஒலிபுகாத சிறு அறையில் ஹெட்போன் மாட்டி, ஒவ்வொரு சுருதியிலும் எவ்வளவு மெல்லிய ஒலி கேட்கிறது என்று அளப்பார்கள். அவருடைய இடது காதுக்கு 20 டெசிபலிலேயே கேட்கிறது, வலது காதுக்கு 65 டெசிபல் தேவைப்படுகிறது. 72 மணி நேரத்துக்குள், அடுத்தடுத்த மூன்று சுருதிகளில் 30 டெசிபலோ அதற்கு மேலோ நரம்புவழிக் கேட்கும் திறன் குறைந்திருந்தால் அது திடீர்ச் செவிக் குறைவு என்பது மருத்துவ அளவுகோல்.

வழக்கமான சிகிச்சை ஸ்டீராய்டு. உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு மில்லிகிராம் வீதம், நாளொன்றுக்கு அதிகபட்சம் 60 மில்லிகிராம் பிரெட்னிசோலோன். சுமார் பத்து முதல் பதினான்கு நாள் முழு அளவில் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் தொடங்கினால்தான் பலன் எதிர்பார்க்கலாம், முதல் சில நாள்களிலேயே தொடங்குவது மேலும் நல்லது. மாத்திரையில் போதிய பலன் இல்லையென்றால் செவிப்பறை வழியாக நடுக்காதுக்குள் மெல்லிய ஊசியால் ஸ்டீராய்டு செலுத்துவார்கள். அதற்கு இரண்டு முதல் ஆறு வாரம் வரை இடமுண்டு. அதன் பிறகு செய்வதற்கு அதிகம் இல்லை.

இங்கேதான் நம் ஊருக்கென்று ஒரு கவலை இருக்கிறது. ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, புதுச்சேரியில் வயதுவந்தோரில் நூற்றுக்கு 26 பேருக்குச் சர்க்கரை நோய். நாட்டிலேயே கோவாவுக்கு அடுத்த இடம் நமக்கு. ஸ்டீராய்டு மாத்திரை ரத்தச் சர்க்கரையை வேகமாக ஏற்றும். நம் ஆசிரியர் தினமும் சர்க்கரை பார்க்க வேண்டும். சர்க்கரை மருந்தின் அளவைச் சில நாள் கூட்ட வேண்டிவரலாம். சர்க்கரை கட்டுப்படாதவர்களுக்கு மாத்திரைக்குப் பதில் முதலிலிருந்தே காதுக்குள் ஊசி என்ற வழியும் உண்டு. அதில் மருந்து உடல் முழுவதும் பரவுவது மிகக் குறைவு. ஆகவே 'சர்க்கரை இருக்கிறது, ஸ்டீராய்டு ஆகாது' என்று யாரும் வீட்டிலேயே முடிவெடுத்துவிட வேண்டாம். 'மருந்து தெரிந்துவிட்டது' என்று தாங்களாகவே வாங்கிச் சாப்பிடவும் வேண்டாம்.

ஸ்டீராய்டு எல்லோருக்கும் பலன் தரும் என்று சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்கு முதல் இரு பங்கு வரை நோயாளிகளுக்கு மருந்தில்லாமலே ஓரளவு கேட்கும் திறன் திரும்புகிறது. மருந்தின் பலனுக்கான சான்றுகளும் அசைக்க முடியாதவை அல்ல. முழுவதும் கேட்காமல் போனவர்களுக்கும், கூடவே தலைசுற்றல் உள்ளவர்களுக்கும் மீளும் வாய்ப்பு குறைவு. ஆனால் தானாக மீளப்போகிறவர் யார், மீளாதவர் யார் என்று முதல் நாளில் எவராலும் சொல்ல இயலாது. அது தெரிய வரும்போது காலம் கடந்திருக்கும். அவசரத்துக்கு அதுவே காரணம்.

சிகிச்சை முடிந்ததும் மறுபடி ஆடியோகிராம் எடுப்பார்கள். நம் ஆசிரியருக்கு 65 டெசிபல் 35 ஆகியிருந்தால் அது நல்ல முன்னேற்றம். குறை மிஞ்சினால் காது கேட்கும் கருவி உதவும். காது நன்றாகிவிட்டாலும் எம்ஆர்ஐ ஸ்கேனைத் தவிர்க்க வேண்டாம். சிலருக்குக் கேட்பு நரம்பில் வளரும் சிறு கட்டியின் முதல் அறிகுறியாக இந்தச் செவிக் குறைவு இருக்கலாம். அது புற்றுநோய்க் கட்டி அல்ல, ஆனாலும் கவனிக்க வேண்டியது.

காது மந்தமானதோடு வாய் கோணுதல், நாக்குழறல், இரட்டைப் பார்வை, கை கால் மரத்தல், நிற்க முடியாத தள்ளாட்டம் இவற்றில் ஏதேனும் இருந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். உடனே 108-ஐ அழையுங்கள்.

மற்றவர்கள் அன்றோ மறுநாளோ கோரிமேட்டில் ஜிப்மரின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ, பக்கத்திலுள்ள காது மருத்துவரிடமோ போய்விடுங்கள். சீட்டு போடும் இடத்தில் 'காது அடைப்பு' என்று மட்டும் சொன்னால் சாதாரண வரிசையில் உட்கார வைத்துவிடக்கூடும். 'நேற்று ராத்திரி வரை நன்றாகக் கேட்டது, இன்று காலையிலிருந்து ஒரு காது கேட்கவில்லை' என்று நேரத்தோடு சொல்லுங்கள். அன்றே ஆடியோகிராம் எடுக்க முடியுமா என்றும் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்