நாவல் மரத்துக் குரங்கு

நான்கு, ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு இரவிலே படுக்கையிற் கூறத்தக்க கதையொன்றை இவ்வாரம் தருகின்றோம். பஞ்சதந்திரத்தின் நான்காம் பகுதியிலே வருகின்ற குரங்கும் முதலையும் பற்றிய கதையே அது. புத்த சாதகக் கதைகளிலும் இக்கதை உண்டு. ஆங்கே அத்திமரம் வருகின்றது. நாம் பஞ்சதந்திரத்து நாவல் மரத்தையே வைத்துக்கொள்வோம். நாவற்பழம் தின்றால் நாக்கு என்ன நிறமாகும் என்பதை எங்கள் வீட்டுக் குழந்தைகள் நன்கு அறிவார்கள்.

கதையைத் தொடங்குமுன் தாய்மார் ஒரு காரியஞ் செய்தல் வேண்டும். குழந்தையின் உள்ளங்கையை எடுத்து அதன் நெஞ்சின்மேல் வைத்து, "உள்ளே துடிப்பது எது தெரியுமா? அதுதான் இருதயம். நாம் எங்கே போனாலும் அதுவும் எம்மோடு வரும்" என்று சொல்லுங்கள். அவ்வளவே போதும். இனிக் கதை.

ஓர் ஆற்றங்கரையிலே பெரிய நாவல் மரம் ஒன்று நின்றது. அதிலே ஒரு குரங்கு தனியே வாழ்ந்து வந்தது. ஒருநாள் முதலையொன்று களைத்துப்போய்க் கரையிலே வந்து கிடந்தது. "விருந்தாளியே, பசிக்கிறதா?" என்று கேட்டு, குரங்கு பழங்களைப் பறித்துப் போட்டது. அன்றுமுதல் நாள்தோறும் முதலை வரும்; பழம் தின்னும்; இருவரும் மாலைவரை கதைத்துக்கொண்டிருப்பார்கள். மிஞ்சிய பழங்களை முதலை தன் மனைவிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும்.

மனைவி முதலை பழத்தைச் சுவைத்தது. "இத்தனை இனிய பழத்தை நாள்தோறும் தின்பவனுடைய இருதயம் எவ்வளவு இனிக்கும்! எனக்கு அதுதான் வேண்டும்" என்றது. "அவன் என் நண்பனல்லவா?" என்று முதலை எவ்வளவோ சொல்லிப் பார்த்தது. மனைவி கேட்கவில்லை, சாப்பிடாமற் படுத்துக்கொண்டது.

முதலை தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு மரத்தடிக்கு வந்தது. "நண்பா, என் மனைவி உன்னை விருந்துக்கு அழைக்கிறாள். என் முதுகில் ஏறிக்கொள்" என்றது. குரங்கு மகிழ்ச்சியோடு ஏறிக்கொண்டது. நடு ஆறு வந்தது. எங்கும் தண்ணீர். இனி இவனால் எங்கும் ஓடமுடியாது என்றெண்ணிய முதலை உண்மையைச் சொல்லிவிட்டது.

இவ்விடத்திலே குழந்தை அஞ்சும், போர்வையை இழுத்துக்கொள்ளும். குரலை உயர்த்தி அச்சத்தைப் பெருக்கலாகாது. நாளைக்கு மிச்சம் சொல்கிறேன் என்று நிறுத்துவதும் ஆகாது. உடனே குரங்கைப் பேச விடுங்கள்.

குரங்கு அழவில்லை. தண்ணீரில் குதிக்கவுமில்லை. சற்று யோசித்தது. "அடடா, இதைக் கரையிலேயே சொல்லியிருக்கலாகாதா? என் இருதயத்தை மரப்பொந்திலே பத்திரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேனே! திரும்பிப் போனால் எடுத்துத் தருவேன்" என்றது.

இங்கே ஒரு கணம் பேசாதிருங்கள். குழந்தையின் கை தானாகவே நெஞ்சுக்குப் போகும். பின்பு சிரிப்பு வரும். முதலைக்குத் தெரியாத ஒன்று தனக்குத் தெரியும் என்ற சிரிப்பு அது. தந்திரத்தை நாமே விளக்கினால் அந்தச் சிரிப்புக் கெட்டுவிடும். சிரிப்பு வராவிட்டால் குழந்தைக்கு இன்னும் விளங்கவில்லை என்று அறிக. சில நாள் கழித்து மறுபடியும் கதையைச் சொல்லலாம். மூத்த பிள்ளை பக்கத்திற் படுத்திருந்தால், "குரங்கு பொய் சொல்லலாமா?" என்று கேட்கவுங் கூடும். பழம் திருடச் சொன்ன பொய்யன்று, உயிர் பிழைக்கச் சொன்னது என்று கூறிவிட்டுக் கதையைத் தொடருங்கள்.

முதலை அதை நம்பிக் கரைக்குத் திரும்பியது. குரங்கு ஒரே தாவாகத் தாவி உச்சிக் கொம்பில் ஏறிக்கொண்டது. "எங்கே இருதயம்?" என்றது முதலை. "இதோ, என் நெஞ்சிலேதான் இருக்கிறது. இருதயத்தைக் கழற்றி வைக்க யாரால் முடியும்?" என்றது குரங்கு.

பஞ்சதந்திரம் அரச குமாரர்க்குச் சொல்லப்பட்டது. ஆகையால், கையில் அகப்பட்டதை இழந்த முதலையின் பேதைமையே அங்கே பெரிதாகப் பேசப்படும். சிறு குழந்தைக்கு அது வேண்டியதில்லை. பழம் கொடுத்த நண்பனுக்கா இப்படிச் செய்வது என்ற வருத்தமே அதன் மனத்தைத் தொடும். இருவரும் மீண்டும் நண்பரானதாகக் கதையை முடிப்போரும் உளர். எமக்கு அது உடன்பாடன்று. குழந்தை அதை நம்பாது. மூலக்கதையிலும் குரங்கு முதலையைத் திருப்பி அனுப்பியே விடுகின்றது. எனினும் அது கல்லெறிந்ததாகச் சொல்லவேண்டாம். முடிவை இவ்வாறு, குரலைத் தாழ்த்தி, மெல்லச் சொல்லுங்கள்.

"வீட்டுக்குப் போ. இனி நான் உன்னோடு வரமாட்டேன்" என்றது குரங்கு. முதலை ஒன்றும் பேசாமல் திரும்பி நீந்திப் போயிற்று. பொழுது பட்டது. காற்று வீசியது. கனிந்த பழம் ஒன்று தண்ணீரில் விழுந்தது, தொப். சற்று நேரங் கழித்து இன்னும் ஒன்று, தொப். குரங்கு கொம்பைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியது. பின்னும் ஒரு பழம்...