கைமுதலும் மாதத் தவணையும்

பெற்றோர் பலரிடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளையின் படிப்புக்கென்று ஒரு தொகையைக் குறித்துக்கொள்வார்கள். கையில் இருப்பதை அதிலிருந்து கழிப்பார்கள். மீதியை மாதங்களின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருகின்ற விடையைக் கண்டதும், "இது நம்மால் ஆகாத காரியம்" என்று கொப்பியை மூடிவிடுவார்கள். ஆகாத காரியம் என்று எண்ணப்பட்டது உண்மையில் ஆகக்கூடியதா என்பதைக் காட்டும் கணக்கு ஒன்றை இவ்வாரம் பார்ப்போம். உயர்வகுப்பு மாணவர்கள் பென்சிலும் தாளும் எடுத்துக்கொண்டு உடன் வரலாம்.

வவுனியாவில் உத்தியோகம் பார்க்கும் தம்பதியர் ஒருவரை உதாரணமாகக் கொள்வோம். மகள் 9ஆம் வகுப்பில் படிக்கிறாள். ஐந்தாண்டுகளின் பின் அவளுடைய உயர்கல்விக்கு 20 இலட்சம் ரூபா வேண்டும். சீட்டுக் கட்டிச் சேர்த்த 6 இலட்சம் ரூபா இப்போது கையில் உண்டு. அதை வங்கியில் இட்டு, மாதந்தோறும் சம்பளத்திலிருந்தும் ஒரு தொகையைச் சேர்த்துவரப் போகிறார்கள். அந்த மாதத் தொகை எவ்வளவாக இருத்தல் வேண்டும்? இதுவே கேள்வி.

முதலில் வட்டி வீதத்தைச் சரியாகக் குறித்துக்கொள்ள வேண்டும். வங்கி ஆண்டுக்கு நூற்றுக்கு 10 வீதம் தருவதாக வைத்துக்கொள்வோம். 2025 ஏப்ரல் முதல் வட்டி வருமானத்தில் நூற்றுக்கு 10 பங்கு நிறுத்திவைத்தல் வரியாகக் கழிக்கப்படுகிறது. ஆகவே கணக்கில் உண்மையாக ஏறுவது 9 வீதமே. வரி செலுத்தவேண்டிய அளவு வருமானம் இல்லாதவர்கள் வங்கியில் சுயபிரகடனம் கொடுத்து இக்கழிவைத் தவிர்க்கலாம். நாம் பாதுகாப்பாக 9 வீதத்தையே கொள்வோம். வட்டி மாதந்தோறும் முதலோடு சேருமாயின், ஒரு மாதத்துக்கு நூற்றுக்கு 0.75 ஆகும், அதாவது ஒரு ரூபா மாத முடிவில் 1.0075 ரூபாவாகிறது.

இனி, இரண்டு பணங்களையும் ஒன்றோடொன்று கலவாமல் தனித்தனியே வளரவிட வேண்டும். இதுவே இக்கணக்கின் உயிர்நிலை.

கையிலுள்ள 6 இலட்சம் முழுமையாக 60 மாதங்கள் வளர்கிறது. 1.0075 என்பதைப் பன்னிரண்டு தடவை தன்னோடு பெருக்கினால் ஓராண்டின் வளர்ச்சி 1.093807 என வரும். அதை ஐந்து தடவை தன்னோடு பெருக்கினால் 1.56568 வரும். இன்றைய ஒரு ரூபா ஐந்தாண்டின் பின் ஏறக்குறைய 1 ரூபா 57 சதம் ஆகும் என்பது இதன் பொருள். எனவே 6 இலட்சம், வேறு ஒன்றும் சேராமலே, 939,409 ரூபாவாகிறது.

மாதத் தவணையின் கதை வேறு. முதல் மாத முடிவில் இடும் ரூபா 59 மாதங்கள் வளரும். அடுத்தது 58 மாதங்கள். கடைசி மாத முடிவில் இடும் ரூபாவோ வட்டி ஒரு சதமும் பெறாது. இந்த 60 ரூபாக்களின் வளர்ச்சியையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டலாம். ஆனால் அதற்கொரு குறுக்கு வழி உண்டு. முன்னர் கண்ட 1.56568 இலிருந்து ஒன்றைக் கழித்து, மீதியை மாத வட்டியாகிய 0.0075 ஆல் வகுத்தால் 75.424 கிடைக்கும். மாதம் ஒரு ரூபா வீதம் ஐந்தாண்டு இட்டு வந்தால், 60 ரூபா இட்ட இடத்தில் 75 ரூபா 42 சதம் நிற்கும் என்பதே இதன் கருத்து.

இப்போது விடை எளிது. வேண்டியது 20 இலட்சம். அதில் 939,409 ரூபாவை கைமுதலே தந்துவிடும். எஞ்சுவது 1,060,591. இதை 75.424 ஆல் வகுத்தால் மாதம் 14,062 ரூபா என வருகிறது. வட்டியையே எண்ணாமல் 14 இலட்சத்தை 60 ஆல் வகுத்திருந்தால் 23,333 ரூபா என்று வந்திருக்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள ஒன்பதினாயிரத்துச் சொச்சமே ஒரு குடும்பம் கொப்பியை மூடுவதற்கும் திறந்து வைப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

இக்கணக்கில் இருவகைப் பிழைகள் நேர்கின்றன. ஒன்று அச்சுறுத்துவது; மற்றது ஏமாற்றுவது.

அச்சுறுத்தும் பிழை இது. கைமுதலை வளரவிடாமல், இன்றைய அளவிலேயே இலக்கிலிருந்து கழித்துவிடுவது. 14 இலட்சத்தை 75.424 ஆல் வகுத்தால் 18,562 வரும். சரியான விடையைவிட இது 4,500 ரூபா அதிகம். இந்த 4,500 எங்கிருந்து வந்தது என்று சற்றே சிந்தித்தால் ஓர் அழகான உண்மை புலப்படும். 6 இலட்சத்துக்கு ஒரு மாத வட்டி எவ்வளவு? 0.75 வீதப்படி 4,500 ரூபா! கைமுதல் மாதந்தோறும் ஈட்டும் வட்டியைக் கணக்கில் சேர்க்க மறந்தமையால், அதே தொகை நம் சம்பளத்தின்மேல் சுமையாக ஏறிவிட்டது. இதனால் மாணவர்களுக்கு ஒரு சரிபார்க்கும் வழியும் கிடைக்கிறது. இலக்கிலிருந்து இன்றைய கைமுதலைக் கழித்து, 75.424 ஆல் வகுத்து, வந்ததிலிருந்து கைமுதலின் ஒரு மாத வட்டியைக் கழித்தாலும் அதே 14,062 வரவேண்டும். வராவிடின் எங்கோ பிழை உண்டு.

ஏமாற்றும் பிழை இதற்கு எதிரானது. "ஐந்தாண்டில் ஒரு ரூபா 1.57 ஆகிறது, ஆகவே 20 இலட்சத்துக்கு 12 இலட்சத்து 77 ஆயிரம் இட்டாற் போதும், 6 இலட்சம் இருக்கிறது, மீதியை 60 மாதத்தில் இடுவோம்" என்று கணக்கிடுவார்கள். மாதம் 11,290 ரூபா என்று மனத்துக்கு இதமான விடை வரும். ஆனால் இங்கே கடைசி மாதத்தில் இடும் பணமும் ஐந்தாண்டு வளர்ந்ததாக எண்ணப்பட்டுவிட்டது. இப்படி இட்டு வந்தால் முடிவில் 1,790,947 ரூபாவே சேரும். மகள் சேர்க்கைக் கடிதத்தைக் கையில் வைத்திருக்கும் வேளையில் இரண்டு இலட்சத்துக்கு மேல் குறைகிறது என்று தெரியவரும்.

வங்கி நடைமுறையில் இன்னொன்றையும் கவனித்தல் வேண்டும். பெருந்தொகையை நிலையான வைப்பில் இடலாம். மாதந்தோறும் இடும் சிறுதொகையோ பெரும்பாலும் சேமிப்புக் கணக்கிலேயே சேருகிறது. அங்கே வட்டி குறைவு. சேமிப்புக் கணக்கில் வரி போக 5 வீதமே கிடைப்பதாகக் கொண்டால், மாதம் ஒரு ரூபா 75.42 ஆகாமல் 68.01 ரூபாவே ஆகும். அப்போது 1,060,591 ஐ 68.006 ஆல் வகுக்க, தவணை 15,596 ரூபாவாக உயரும். இரண்டு பணங்களையும் தனித்தனியே வளரவிடச் சொன்னதன் பயன் இங்கே தெரிகிறது: ஒவ்வொன்றுக்கும் அதற்குரிய வீதத்தை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் இரண்டு வீதங்களும் வேறாகும்போது, மேலே சொன்ன சரிபார்க்கும் வழி பொருந்தாது என்பதையும் நினைவிற் கொள்க.

ஐந்தாண்டுக்கு ஒரே வீதம் நிலைத்திருக்கும் என்று எவரும் உறுதி கூற முடியாது. நம் நாட்டில் 2022இன் பிற்பகுதியில் நிலையான வைப்புகளுக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. 2024இல் அது 10 வீதத்துக்குக் கீழே இறங்கிவிட்டது. ஆகையால் நமது தம்பதியருக்கு இரண்டாண்டு முடிவில் வீதம், வரி போக, 7 ஆகக் குறைந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அவர்கள் என்ன செய்ய வேண்டும்?

புதிய முறை எதுவும் தேவையில்லை. பழைய கணக்கே மீண்டும் தொடங்குகிறது. அன்றைய நாளில் கணக்கில் நிற்பது ஏறக்குறைய 1,086,110 ரூபா. இதுவே இனிமேற் கைமுதல். மீதமுள்ளவை 36 மாதங்கள். 7 வீதப்படி கைமுதல் 1,339,093 ஆக வளரும், எஞ்சுவது 660,907. மாதம் ஒரு ரூபா 36 மாதத்தில் 39.93 ஆகும். வகுத்தால் 16,552. அதாவது மாதம் சுமார் 2,490 ரூபா கூட்டி இட வேண்டும். கூட்டாமல் பழைய 14,062 ஐயே இட்டு வந்தால், ஐந்தாம் ஆண்டு முடிவில் 99,400 ரூபாவரையில் குறையும். மூன்றாண்டுக்கு மேற் பரந்து கிடந்தால் மாதம் இரண்டரை ஆயிரமாகத் தாங்கக்கூடியது, கடைசி நாளில் ஒரே முட்டாய் ஏறக்குறைய ஓர் இலட்சமாக வந்து நிற்கிறது.

இறுதியாக, 20 இலட்சம் என்ற இலக்கு யாருடைய விலை என்று கேட்டுக்கொள்ளுதல் நன்று. அது இன்றைய கட்டணமாயின், ஐந்தாண்டின் பின் அதே கட்டணம் இராது. ஆண்டுக்கு 5 வீதம் ஏறுமாயினும் 20 இலட்சம் 2,552,563 ஆகிவிடும். அதே 9 வீத வட்டியில், மாதத் தவணை 14,062 அன்று; 21,388. இக்கணக்கில் மிகப் பெரிய மாற்றத்தை உண்டாக்குவது வட்டி வீதம் அன்று, இலக்கே என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. எனவே இலக்கைக் குறிக்கும்போதே அதை எந்த ஆண்டின் விலையில் குறிக்கிறோம் என்பதையும் பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும்.

வீட்டுக் கொப்பியில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்கி, நான்கு வரிகளை எழுதுக: இலக்கு, இன்றைய இருப்பு, வரி போக வட்டி, மீதமுள்ள மாதங்கள். நிலையான வைப்புப் புதுப்பிக்கப்படும் நாள்தோறும் இந்நான்கையும் மாற்றி எழுதித் தவணையை மீண்டும் கணக்கிடுக. உயர்வகுப்பில் கணிதம் பயிலும் பிள்ளை வீட்டில் இருந்தால், அப்பக்கத்தை அப்பிள்ளையிடமே ஒப்படைக்கலாம். தன் படிப்புக்குச் சேரும் பணம் எவ்வாறு வளர்கிறது என்பதை அது தன் கையாலேயே எழுதிக் காணட்டும்.