அர்ச்சனைச் சீட்டில் "லியோ"ன்னா சிம்ம ராசியா?



பிரிக்பீல்ட்ஸா இருந்தாலும் கிள்ளானா இருந்தாலும், அர்ச்சனைச் சீட்டு எழுதுற தொண்டர்கள் நாங்க அடிக்கடி கேட்கிற பதில் ஒன்னு இருக்கு. "நட்சத்திரம் தெரியாது அண்ணே, ராசி லியோ. சிம்மம்னு போட்டுக்கோங்க." அப்படிப் போடக்கூடாதுங்கறதுதான் எங்க கருத்து. ஏன்னு கொஞ்சம் பொறுமையா படிங்க.

ராசிச் சக்கரம் 360 பாகை, ஆளுக்கு 30 பாகையா 12 ராசி. இதுல சண்டையே கிடையாது. எங்கிருந்து எண்ண ஆரம்பிக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம். தொழிற்சாலையில் ஒரே அளவுகோலை ரெண்டு பேர் வேற வேற ஜீரோவில் வெச்சு அளந்தா ரெண்டு ரீடிங் வரும் இல்லையா, அது மாதிரி.

மேல்நாட்டார் சூரியன் பூமத்திய ரேகையைத் தாண்டி வடக்கே வரும் நாளை, அதாவது மார்ச் 20 அல்லது 21-ஐ, மேஷத்தின் தொடக்கமா வெச்சிருக்காங்க. இது சாயன முறை. நம்ம பஞ்சாங்கம் நட்சத்திரங்களை வெச்சு எண்ணுது. இது நிராயண முறை. பூமியின் அச்சு பம்பரம் தலை சுத்துற மாதிரி மெதுவா ஆடுறதால, முதல் ஜீரோ சுமார் 72 வருஷத்துக்கு ஒரு பாகை நகருது. ஏறக்குறைய 1,700 வருஷத்துக்கு முன்னால ரெண்டும் ஒரே இடத்தில் இருந்தது. இப்போ இடைவெளி 24 பாகையைத் தாண்டிருச்சு. அதுக்குப் பேர்தான் அயனாம்சம். சாட்சி உங்க வீட்டு நாட்காட்டியிலேயே இருக்கு: அவங்க மேஷம் மார்ச் 21, நம்ம சித்திரை 1 ஏப்ரல் 14.

ஒரு உதாரணம் போட்டுப் பார்ப்போம். 1985 ஆகஸ்ட் 5 காலை 8 மணிக்குக் கோலாலம்பூரில் பிறந்தவர். ஆங்கிலக் கணக்கில் சூரியன் சிம்மத்தில் 12 பாகை தாண்டி இருக்கு, அதனால் லியோ. அதிலிருந்து அந்த வருஷத்து அயனாம்சம் சுமார் 23 பாகை 40 கலையைக் கழிச்சா, சூரியன் கடகத்தில் நிக்குது. ஆடி மாசக் குழந்தை! 30-ல் 24 பாகை தள்ளிப் போறதால, அஞ்சு பேரில் நாலு பேருக்கு இப்படித்தான் மாறும்.

ஆனா கதை இதோட முடியல. நம்ம வழக்கத்தில் "உங்க ராசி என்ன"ன்னா சூரியனைக் கேட்கல, சந்திரன் நின்ற ராசியைக் கேட்கிறோம். அந்தக் காலையில் சந்திரன் இருந்தது மீனத்தில். ஆக அவர் சிம்மமும் இல்லை, கடகமும் இல்லை, மீன ராசிக்காரர்.

இதில் என்ன நஷ்டம்? திருக்கணிதப்படி 2025 மார்ச் 29-ல் சனி மீனத்துக்கு வந்தார். சிம்மத்துக்கு அது அஷ்டமச் சனி. நம்ம ஆள் லியோவை நம்பி அஷ்டமச் சனின்னு பயந்து பரிகாரத்துக்குப் பணம் கட்டுவார். அவருக்கு நடப்பதோ ஜென்மச் சனி. திருமணப் பொருத்தம் பார்க்கும்போதும் இதே குழப்பம்தான்.

நிராயணத்திலும் ஜீரோவை எங்கே வைப்பதுன்னு ஒரே கருத்து இல்லை. 1952-ல் இந்திய அரசு மேகநாத் சாகா தலைமையில் அமைச்ச நாட்காட்டிச் சீர்திருத்தக் குழு, சித்திரை நட்சத்திரத்தை 180 பாகையில் வைக்கும் கணக்கை எடுத்துக்கிட்டது. அதைத்தான் லாஹிரி அயனாம்சம்னு சொல்றோம். பி.வி. ராமன் கணக்கு அதிலிருந்து சுமார் ஒன்றரை பாகை குறைவு. சந்திரன் அந்தத் தூரத்தைக் கடக்க ஏறக்குறைய 3 மணி நேரம் ஆகும். அதனால நட்சத்திரம் மாறுற நேரத்தை ஒட்டிப் பிறந்தவங்களுக்கு, ஒரு ஜோதிடர் ஒரு நட்சத்திரமும் இன்னொருத்தர் அடுத்த நட்சத்திரமும் சொல்லலாம். ஜாதகத்தில் எந்த அயனாம்சம்னு போட்டிருக்கான்னு பாருங்க, கல்யாணத்துக்கு ரெண்டு ஜாதகத்தையும் ஒரே கணக்கில் போடச் சொல்லுங்க.

மலேசியாவில் பிறந்தவங்களுக்கு இன்னொரு விஷயம். 1982 ஜனவரி 1-க்கு முன்னால நம்ம தீபகற்பத்தின் கடிகாரம் இந்தியாவைவிட 2 மணி நேரம்தான் முன்னே இருந்தது, இப்போ இரண்டரை மணி நேரம். கைப்பேசிச் செயலி இதைக் கவனிக்காமல் அரை மணி நேரம் தப்பாப் போட்டா, சந்திரன் கால் பாகைதான் நகரும். ஆனா லக்னம் ஏழு பாகைக்கு மேல நகர்ந்திடும். எழுபதுகளில் பிறந்த அக்கா அண்ணன்மார் இதைக் கட்டாயம் சரிபாருங்க.

ஆங்கிலக் கணக்கு பொய்னு நாங்க சொல்லல. அது பருவத்தை அளக்குது, நம்மது நட்சத்திரத்தை அளக்குது. ஒன்றின் பேரை மற்றொன்றில் ஒட்டுவதுதான் தப்பு. அடுத்த முறை கவுண்டருக்கு வரும்போது லியோ, விர்கோ வேண்டாம். பிறந்த தேதி, நேரம், ஊர் கொடுத்துப் பஞ்சாங்கம் பார்த்த நட்சத்திரத்தைச் சொல்லுங்க. அது தெரியலையா? வெறும் பேரைச் சொல்லுங்க, போதும். சாமிக்குத் தெரியும் நீங்க யாருன்னு. 🙏