சாவாமை சாபமா?

சாவாத மனிதனைக் கதையிலே படைக்கும் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் அவனை அழவைத்தே கதையை முடிக்கின்றனர். அவன் மரணத்தை வேண்டிப் புலம்புகின்றான். படிக்கும் நாமும், நெடிய வாழ்வு துன்பமே என்று தலையை அசைத்துவிடுகின்றோம். அம்முடிவு கதையிலே மெய்ப்பிக்கப்பட்டதா, அன்றி ஆசிரியர் முன்னரே மறைத்து வைத்துப் பின்னர் எடுத்துக் காட்டியதா என்று நாம் கேட்கின்றோம்.

இதற்குப் பெயர்பெற்ற சான்று, ஜோனதன் ஸ்விப்ட் 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட கலிவரின் யாத்திரைக் கதையாகும். லக்நாக் என்னும் தீவிலே சில குழந்தைகள் இடப்புருவத்திற்குமேல் வட்டமான செம்புள்ளியுடன் பிறக்கின்றன. அவற்றிற்குச் சாவில்லை. ‘ஸ்ட்ரல்ட்பிரக்’ எனப்படும் இவர்களைப் பற்றிக் கேட்டவுடன் கலிவர் களிப்படைகின்றான். தனக்கு அவ்வாழ்வு கிடைத்தால் பொருள் சேர்ப்பேன், கலைகள் யாவும் கற்பேன், காலத்தின் மாறுதல்களையெல்லாம் எழுதிவைப்பேன் என்கின்றான். அங்குள்ளோர் நகைக்கின்றனர்.

ஏனெனில் அவர்களுக்குச் சாவுதான் இல்லையே தவிர, மூப்பு உண்டு. 80 வயது நிரம்பியதும் சட்டம் அவர்களை இறந்தவராகக் கருதுகின்றது. சொத்து வாரிசுகளுக்குப் போகின்றது. உண்ண ஒரு சிறு தொகையே மிஞ்சுகின்றது. நிலம் வாங்கவோ, பொறுப்பான வேலை பார்க்கவோ, நீதிமன்றத்தில் சாட்சி சொல்லவோ உரிமையில்லை. 90 வயதில் பல்லும் மயிரும் உதிர்ந்து, நாக்கும் சுவையறியாது போகின்றது. ஒரு வாக்கியத்தின் முடிவை எட்டுமுன் தொடக்கம் மறந்துவிடுவதால் நூல் படிக்கவும் இயலாது. நாட்டின் மொழியும் மாறிக்கொண்டே வருதலால், 200 ஆண்டுகளுக்குப்பின் பிறந்த மண்ணிலேயே அந்நியராகின்றனர்.

அன்பர்களே, இங்கே துன்பத்திற்குக் காரணம் யாது? சாவாமையா? அன்று. நோயும், மறதியும், உயிரோடிருப்பவனைப் பிணமாக்கும் சட்டமுமே. என்றும் இளமையோடு வாழ்வதைப் பற்றிய பேச்சே இதுவன்று, முதுமையின் குறைகளோடு வாழ்வதைப் பற்றியதே என்று கலிவரிடம் அக்கதையிலேயே ஒருவர் தெளிவாகச் சொல்லிவிடுகின்றார். ஸ்விப்ட் கட்டிய நிபந்தனையை மறந்து, முடிவை மட்டும் சுமந்து திரிவது வாசகரின் பிழையன்றோ?

இளமை கொடுத்தும் சாபமாகக் காட்டிய ஆசிரியர் உண்டே எனச் சிலர் கூறலாம். உண்மை. செக் நாட்டு ஆசிரியர் காரெல் சாபெக் 1922இல் இயற்றிய நாடகத்தில், எலினா மக்ரோபுலோஸ் என்பவள் 16 வயதில், அரண்மனை மருத்துவனான தன் தந்தை செய்த மருந்தை உண்டு, அழகு குன்றாமல் 337 வயது வரை வாழ்கின்றாள். பெரும் பாடகியாகியும் உள்ளம் உறைந்துபோய், எதிலும் பற்றின்றி நிற்கின்றாள்.

ஆனால் அவள் எவ்வாறு வாழ்ந்தாள் என்று பாருங்கள். மருந்து அவள் ஒருத்திக்கே. உண்மையை வெளியிட அஞ்சி, தலைமுறைதோறும் பெயரை மாற்றிக்கொள்கின்றாள். காதலித்தோர் இறக்கின்றனர், அவள் மட்டும் நிற்கின்றாள். 300 ஆண்டு மறைந்து வாழ்பவளுக்கு உள்ளம் உறையாதிருந்தால்தானே வியப்பு! அந்நாடகத்திலேயே, மருந்தை மக்கள் யாவருக்கும் வழங்குவோம் என்று ஒருவன் வாதிடுகின்றான். அவ்வழி சோதிக்கப்படவில்லை, மருந்துக் குறிப்பு நெருப்பிலிடப்படுகின்றது. அதற்கு முந்திய ஆண்டில்தான் பெர்னார்டு ஷா வேறொரு நாடக வரிசையில், மனிதர் அரசியல் அறிவு முதிருமுன்பே இறந்துவிடுகின்றனர், ஆதலால் 300 ஆண்டு வாழ்வு நலமே என்று வாதித்திருந்தார்.

முடிவேயில்லாத காலம் எவரையும் சலிப்பூட்டும் என்று பெர்னார்டு வில்லியம்ஸ் என்ற ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் 1973இல் சாபெக்கின் நாடகத்தையே எடுத்துக்கொண்டு எழுதினார். அது தனியே ஆராயத்தக்க வினா. ஆயினும் தன்னந்தனியாளாக வாழ்ந்த ஒருத்தியின் சலிப்பைக் கொண்டு, கூடி வாழ்வோரின் சலிப்பை அளப்பது நேர்மையாகாது.

பின் ஏன் இவ்வாறே எழுதுகின்றனர்? காரணம் இரண்டு என்பது நமது துணிபு. இழப்பதற்கு ஒன்றுமில்லாதவனைக் கொண்டு கதை நடவாது. ஆகவே சாவை நீக்கியவர், இளமையையோ சுற்றத்தையோ பறித்தாக வேண்டும். மற்றொன்று, ஆறுதல். எட்டாத பழம் புளிக்கும் என்பது நரியின் தேறுதல். மரண பயத்தைப் போக்க ஸ்ட்ரல்ட்பிரக் ஓரிருவரைத் தன் நாட்டிற்குக் கொண்டுபோக விரும்பியதாகக் கலிவரே கூறுகின்றான்!

நம் பழந்தமிழ் இதனை வேறு கண்ணால் நோக்கியது. வாழ்நாளை நீட்டும் நெல்லிக்கனியை அதியமான் தானுண்ணாது ஔவைக்கு அளித்தான். அதை எவரும் சாபமென்று சொல்லவில்லை, கொடையென்றே பாடினர். அமிழ்தமே கிடைத்தாலும் தனித்து உண்ணாதவர்களால்தான் உலகம் நிலைக்கின்றது என்பது புறநானூற்றுப் பாட்டொன்றின் கருத்து. சாபம் அமிழ்தத்தில் இல்லை. தனித்து உண்பதில்தான் உள்ளது. ஆதலால் இனிச் சாவாதவன் அழும் கதையைப் படிக்கையில், அவனிடமிருந்து ஆசிரியர் எதைப் பறித்தார் என்று முதலில் கேளுங்கள்.